எந்தத் தலைப்பைத் திரும்ப எடுப்பது? வீடியோ கணக்கு ஷீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வார இறுதியில் யீஷூன் வீட்டு மேசையில் உட்கார்ந்து தமிழ் வீடியோ வெட்டி ஒட்டுகிறேன். சேனல் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரி என்று கூகுள் ஷீட்ஸில் கணக்கு வைத்திருப்பதைப் பார்த்து, சேனல் நடத்தும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கீழே வரும் வெள்ளிக் கணக்கெல்லாம் என் சேனலுடையது. உங்களுடையது வேறாக இருக்கும்.

யூடியூப் ஸ்டூடியோவிலேயே எல்லா எண்ணும் இருக்கிறதே, அக்கா. தனியாக ஷீட் எதற்கு?

ஸ்டூடியோவுக்கு உங்கள் தலைப்பு வகை தெரியாது. தேக்கா சந்தையில் நடந்த வீடியோவும் பிடிஓ வீட்டுக் கணக்கு வீடியோவும் அதற்கு ஒன்றுதான். அப்புறம், ஒரு வீடியோவுக்கு நீங்கள் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டையும் நீங்கள்தான் கையால் எழுத வேண்டும். எதைத் திரும்ப எடுப்பது என்ற முடிவு இந்த இரண்டை வைத்துத்தான் வரப்போகிறது. மற்ற எண்களெல்லாம் அவற்றுக்குத் துணை.

என்னென்ன பத்திகள் வைக்க வேண்டும்?

முதல் முறை ஷீட் போட்டபோது இருபத்துமூன்று பத்தி வைத்தேன். மூன்றாவது வாரத்தில் நிரப்புவதை விட்டுவிட்டேன். இப்போது இருப்பவை ஒன்பது. `data` என்ற தாளில் A பத்தியில் வீடியோ ஐடி, B-யில் வெளியிட்ட தேதி, C-யில் தலைப்பு வகை, D-யில் நீளம் நிமிடத்தில், E-யில் முதல் 90 நாள் பார்வைகள், F-இல் முதல் 90 நாள் வருமானம், G-யில் உழைத்த மணி, H-இல் சிங்கப்பூர்ப் பார்வையாளர் விழுக்காடு, I-யில் ஒரு வரிக் குறிப்பு.

ஐடி என்பது வீடியோ முகவரியில் `v=` என்பதற்குப் பிறகு வரும் பதினொரு எழுத்து. வீடியோவின் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். நாம் பெயரை மாற்றிக்கொண்டே இருப்போம், ஐடி மாறாது. ஒன்றே ஒன்று: ஐடி பத்தியை ஒட்டுவதற்கு முன்பே Format > Number > Plain text என்று மாற்றிவிடுங்கள். சில ஐடிகள் கழித்தல் குறியில் தொடங்கும். ஷீட் அதைக் கணக்குச் சூத்திரம் என்று நினைத்துக்கொண்டு பிழை காட்டும்.

தலைப்பு வகையைத் தட்டச்சு செய்யாமல், கீழிறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ஒரு நாள் "வீவக" என்றும் மறுநாள் "வீட்டுக் கணக்கு" என்றும் எழுதினால் ஒரே தலைப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஏன் 90 நாள்? மொத்தப் பார்வைகளையே எடுத்துக்கொண்டால் என்ன?

இரண்டு ஆண்டுக்கு முன்பு போட்ட வீடியோவையும் போன மாதம் போட்டதையும் மொத்தப் பார்வையில் ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும். அது தலைப்பின் பலம் இல்லை, வயதின் பலம். ஒரே வயதில் எல்லா வீடியோவும் எப்படி இருந்தன என்று பார்த்தால்தான் நியாயம்.

28 நாளும் வைத்துப் பார்த்தேன். திருவிழா வீடியோக்கள் முதல் வாரத்திலேயே ஓடி முடித்துவிடும். தேடி வந்து பார்க்கும் வீடியோக்கள், அதாவது பிடிஓ, மசேநி, வீட்டுச் செலவு போன்றவை, மெதுவாகத்தான் கிளம்பும். 28 நாளில் நிறுத்தினால் இரண்டாம் வகைக்கு அநியாயம். ஒரு வருடம் காத்திருந்தால் முடிவே எடுக்க முடியாது. அதனால் 90.

எடுக்கும் வழி எளிது. ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் Analytics, அங்கே Advanced mode, தேதியில் Custom. தொடக்கம் வெளியிட்ட நாள், முடிவு அதோடு 89 நாள். வருமான எண்கள் ஓரிரு நாள் தாமதமாக வரும் என்பதால் நான் 93 நாள் கழித்துத்தான் எடுப்பேன். எந்த வரிக்கு நேரம் வந்துவிட்டது என்பதை ஷீட்டே மஞ்சள் நிறத்தில் காட்ட, Conditional formatting-இல் இந்தச் சூத்திரம்:

```
=AND($B2<>"",TODAY()>$B2+93,$E2="")
```

மஞ்சள் வரி தெரிந்தால் அந்த ஒன்றை நிரப்புவேன். ஒரு வீடியோவுக்கு இரண்டு நிமிடம்.

காலையில் போடும் வீடியோவுக்கு முதல் நாள் பார்வை குறைவாகக் காட்டுகிறது. ஏன்?

யூடியூப் கணக்கில் நாள் என்பது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. நாம் அவர்களைவிடப் பதினைந்து மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அங்கே குளிர்காலம் என்றால் பதினாறு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே போடும் வீடியோ, அங்கே வெள்ளிக்கிழமை மாலைதான். நீங்கள் சனிக்கிழமையைத் தொடக்கமாக வைத்தால், முதல் சில மணி நேரப் பார்வைகள் வெளியே விழுந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பு போட்ட வீடியோவுக்கு B பத்தியில் ஒரு நாள் முந்திய தேதியை எழுதுங்கள், குளிர்காலமானால் நான்கு மணி. தீபாவளி வீடியோவுக்கு இது சின்ன விஷயமில்லை. அதன் உயிரே முதல் நாளில்தான்.

மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியாதா? ஒவ்வொன்றாக எடுப்பது சோர்வாக இருக்கிறது.

முடியும். Advanced mode-இல் மேலே இறக்கும் குறி இருக்கிறது. ஆனால் அதில் எல்லா வீடியோவுக்கும் ஒரே தேதி வரம்புதான் வரும், வீடியோவின் வயதுப்படி வராது. பழைய வீடியோக்களின் பெயர், ஐடி, வெளியான தேதி ஆகியவற்றை ஒரே மூச்சில் நிரப்ப அது நல்லது, 90 நாள் கணக்குக்கு உதவாது.

இறக்கினால் இரண்டு இடத்தில் கவனம். அட்டவணையின் முதல் வரி Total. அதையும் சேர்த்துக் கூட்டினால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று, அந்தக் கோப்பை எக்செலில் நேராக இருமுறை தட்டித் திறந்தால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கோணல்மாணலான குறிகளாக மாறி நிற்கும். Data > From Text/CSV வழியாகப் போய், 65001: Unicode (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. Apps Script-இல் YouTube Analytics API சேவையைச் சேர்த்துக்கொண்டு இப்படிக் கேட்கலாம்:

```
YouTubeAnalytics.Reports.query({
  ids: "channel==MINE",
  startDate: "2025-03-07",
  endDate: "2025-06-04",
  metrics: "views,estimatedRevenue",
  filters: "video==VIDEO_ID",
  currency: "SGD"
});
```

நாற்பது வீடியோவுக்குள் இருப்பவர்கள் இதற்காக ஒரு வார இறுதியைச் செலவழிக்க வேண்டாம். கையால் எடுப்பதே சீக்கிரம் முடியும்.

பார்வையா, வருமானமா? எதை வைத்து முடிவெடுப்பது?

இதற்கு என் ஷீட்டையே திறந்து காட்டுகிறேன். 90 நாள் முடிந்த வீடியோக்கள் 38 இருந்தபோது உட்கார்ந்து பார்த்தேன். நான்கு வகை. அதில் இரண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை லிட்டில் இந்தியா நடை: சிராங்கூன் சாலை விளக்குகள், தீபாவளிச் சந்தை, தேக்கா. ஒன்பது வீடியோ. 90 நாள் பார்வைகள் இறங்கு வரிசையில் 2,10,000, 11,000, 8,400, 7,100, 6,200, 5,300, 4,800, 3,900, 2,300. மொத்தம் 2,59,000.

இரண்டாம் வகை வீட்டுக் கணக்கு: பிடிஓ வீட்டுக்கு மசேநியிலிருந்து எவ்வளவு போகும், புதுப்பிப்புச் செலவு எவ்வளவு என்பது போல. எட்டு வீடியோ. 5,100, 4,300, 3,900, 3,600, 3,400, 2,800, 2,500, 1,900. மொத்தம் 27,500.

பார்வையை வைத்துச் சொன்னால் நடை வீடியோ ஒன்பது மடங்குக்கு மேல். வருமானத்தைப் பாருங்கள். நடை வீடியோக்கள் ஒன்பதுக்கும் சேர்த்து 160 வெள்ளி. வீட்டுக் கணக்கு எட்டுக்கும் சேர்த்து 143 வெள்ளி. கிட்டத்தட்டச் சமம். இப்போது G பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடை வீடியோ ஒன்றுக்குப் பதினொரு மணி, மொத்தம் 99. வீட்டுக் கணக்குக்கு ஏழு மணி, மொத்தம் 56. மணிக்கு 1 வெள்ளி 62 காசு ஒரு பக்கம், 2 வெள்ளி 55 காசு மறு பக்கம்.

இன்னும் ஒரு படி. நடை வீடியோக்களில் அந்த 2,10,000 மட்டும் 116 வெள்ளி கொண்டுவந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் எட்டும் 88 மணி உழைப்புக்கு 44 வெள்ளி. மணிக்கு ஐம்பது காசு. கோப்பிக்கடையில் ஒரு கோப்பி குடிக்க இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும்.

அந்த ஒரு வீடியோ வந்ததே, அது மறுபடி வராதா?

இந்த நினைப்பில்தான் நான் ஏமாந்தேன். விளக்கு வீடியோ தூக்கிக்கொண்டதும், அடுத்த நான்கு வார இறுதியும் குடையும் கையுமாக சிராங்கூன் சாலையில் நின்றேன். அந்த நான்கில் அதிகம் ஓடியதே 7,100-தான்.

சராசரி போட்டதால் வந்த வினை. ஒன்பது வீடியோவின் சராசரி 28,800 வரும். அந்த எண்ணைப் பார்த்து "இந்த வகையில் போட்டால் இருபத்தெட்டாயிரம் வரும்" என்று நம்பினேன். ஆனால் ஒன்பதில் எட்டு வீடியோ அதன் பாதியைக்கூடத் தொடவில்லை. நடு எண்ணைப் பாருங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. நடை வகைக்கு 6,200. வீட்டுக் கணக்குக்கு 3,500. அடுத்த வீடியோவுக்கு எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.

தொகுப்புத் தாளில் A பத்தியில் தலைப்பு வகையின் பெயரை எழுதி, பக்கத்தில் இதை வையுங்கள்:

```
=MEDIAN(FILTER(data!E$2:E,data!C$2:C=A2))
```

மணிக்கு எவ்வளவு என்பதற்கு இது:

```
=SUMIFS(data!F$2:F,data!C$2:C,A2)/SUMIFS(data!G$2:G,data!C$2:C,A2,data!F$2:F,"<>")
```

கடைசியில் உள்ள `"<>"` முக்கியம். 90 நாள் ஆகாத வீடியோவின் உழைப்பு மணி கணக்கில் ஏறி, வருமானம் ஏறாமல் நின்றால், புதிதாக எடுக்கும் வகை எப்போதும் நட்டமாகவே தெரியும். நான் ஒரு மாதம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆயிரம் பார்வைக்கு ஒரு வீடியோவில் அரை வெள்ளி, இன்னொன்றில் ஐந்து வெள்ளி. எங்கே தப்பு?

தப்பு இல்லை. ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு வருவதை ஸ்டூடியோ RPM என்று காட்டும். யூடியூப் தன் பங்கை எடுத்த பிறகு நமக்கு நிற்பது அது. நீள வீடியோ விளம்பர வருமானத்தில் நமக்கு 55 விழுக்காடு. CPM என்று இன்னொன்று காட்டும். அது விளம்பரம் கொடுப்பவர் ஆயிரம் விளம்பரத் தோற்றத்துக்குக் கட்டும் விலை, பங்கு பிரிப்பதற்கு முந்தியது. ஷீட்டில் CPM-ஐ எழுத வேண்டாம், அது உங்கள் பணம் இல்லை.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், முதலில் நாடு. அந்த விளக்கு வீடியோவைத் திறந்து Geography பார்த்தேன். பார்வையில் 71 விழுக்காடு இந்தியா, சிங்கப்பூர் 9 விழுக்காடுதான். ஆனால் வருமானத்தில் அந்த 9 விழுக்காடு ஏறக்குறைய நாற்பதைக் கொண்டுவந்திருந்தது. பிடிஓ வீடியோக்களில் சிங்கப்பூர் 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கே உள்ள பார்வையாளருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு விலை அதிகம், அதிலும் வீடு, கடன், சேமிப்பு என்று பேசும் வீடியோவில் இன்னும் அதிகம். H பத்தி அதற்காகத்தான். தமிழில் வீடியோ போடும் நமக்கு இந்த ஒரு எண் மற்றவர்களைவிட முக்கியம். மொழி ஒன்று, பார்ப்பவர்கள் ஐந்தாறு நாட்டில்.

இரண்டாவது காரணம் நீளம். இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன்.

நீளத்துக்கும் வருமானத்துக்கும் என்ன தொடர்பு?

எட்டு நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். என் வீட்டுக் கணக்கு வீடியோக்கள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடை வீடியோக்கள் ஆறேழு நிமிடம். அப்படியென்றால் நான் தலைப்பை ஒப்பிடுகிறேனா, நீளத்தை ஒப்பிடுகிறேனா? D பத்தியைப் பார்த்தபோதுதான் இந்தச் சந்தேகமே வந்தது.

சோதித்தேன். அடுத்த இரண்டு நடை வீடியோவை ஒன்பது பத்து நிமிடத்துக்கு எடுத்தேன். அந்த விளக்கு வீடியோவைத் தள்ளிவிட்டால் ஆயிரத்துக்கு 90 காசாக இருந்தது 1 வெள்ளி 30 காசு ஆனது. நீளத்துக்கும் பங்கு உண்டு என்பது உறுதி. ஆனால் வீட்டுக் கணக்கின் 5 வெள்ளி 20 காசு எங்கே, இது எங்கே. மிச்ச வித்தியாசம் தலைப்பும் நாடும்தான் என்று நம்புகிறேன்.

அதற்காக ஆறு நிமிட விஷயத்தை ஒன்பதுக்கு இழுக்காதீர்கள். அந்த இரண்டில் ஒன்றில் ஒரே கடைத்தெருவை இரண்டு முறை சுற்றினேன். Average percentage viewed சரிந்தது, பார்வையும் சரிந்தது.

உழைத்த மணியை எப்படி எழுதுவது? எனக்கு நினைவிருக்காதே.

கைப்பேசியில் டைமர் வைக்க வேண்டாம். அன்றன்றைக்குக் குறிப்பில் அரை மணிக் கணக்கில் எழுதுங்கள், போதும். ஆனால் பயணத்தையும் காத்திருப்பையும் விடாதீர்கள். என் மூன்றாவது வகை ஜோகூர் பாரு ஒரு நாள் பயணம். பத்து வீடியோ, 46,000 பார்வை, 129 வெள்ளி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒரு வீடியோவுக்குப் பதினான்கு மணி. மணிக்குத் தொண்ணூற்றிரண்டு காசு. அங்கே எப்படியும் சாமான் வாங்கப் போவேன் என்றால் அந்த நேரத்தைக் கழிக்கலாம்தானே என்று என் கணவர் வாதாடுவார். கழித்துக்கொள்ளலாம். எல்லா வீடியோவுக்கும் ஒரே மாதிரி செய்தால் சரி.

எத்தனை வீடியோ இருந்தால் ஒரு வகையைப் பற்றி முடிவு சொல்லலாம்?

நான் ஐந்துக்குக் குறைந்தால் "தெரியாது" என்று எழுதிவிடுவேன். ஐந்தும் போதாதுதான், ஆனால் ஐந்தில் நடு எண் ஓரளவு நிலைக்கிறது. ஒரு வகை நடு எண்ணிலும் மணிக் கணக்கிலும் மேலே வந்தால், உடனே எல்லாவற்றையும் அதற்குத் திருப்பாமல் இன்னும் இரண்டு எடுப்பேன். இரண்டும் அந்த வகையின் நடு எண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தால் அதன் மேல் நம்பிக்கை வரும்.

ஒரு தலைப்பு படுத்துவிட்டது. விட்டுவிடலாமா?

முதலில் தலைப்பு படுத்ததா, தம்ப்நெயில் படுத்ததா என்று பிரித்துப் பாருங்கள். அந்த வீடியோவின் Impressions click-through rate, Average view duration இரண்டையும் உங்கள் சேனலின் மற்ற வீடியோக்களோடு வைத்துப் பாருங்கள். யூடியூப் நிறையப் பேருக்குக் காட்டியிருக்கிறது, தட்டியவர்கள் குறைவு, ஆனால் தட்டியவர்கள் கடைசிவரை இருந்தார்கள் என்றால் குற்றம் வாசலில் இருக்கிறது, வீட்டில் இல்லை. என் புதுப்பிப்புச் செலவு வீடியோ ஒன்று இப்படித்தான் கிடந்தது. படத்தில் என் முகம் இருந்த இடத்தில் "சமையலறை மட்டும் எவ்வளவு?" என்ற எழுத்தைப் போட்டேன். ஆறு வாரத்தில் அதன் பார்வை இரட்டிப்பானது. அந்த மாற்றத்தையும் தேதியோடு I பத்தியில் எழுதினேன். எழுதாவிட்டால் பின்னாளில் அந்த எண்ணுக்குக் காரணம் தெரியாது.

மாறாக, தட்டியவர்கள் நிறைய, ஆனால் ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டார்கள் என்றால் படம் சொன்னதும் வீடியோ சொன்னதும் வேறு. இரண்டுமே குறைவு என்றால்தான் தலைப்பை விடுவேன்.

செய்தியை ஒட்டிப் போட்ட வீடியோ நன்றாக ஓடியது. அந்தத் தலைப்பைத் தொடரலாமா?

I பத்தியில் "செய்தி" என்று எழுதுங்கள், தனி வகையாகப் பிரியுங்கள். 2025 ஜனவரியில் 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மசேநி சிறப்புக் கணக்கு மூடப்பட்டது. அந்தச் சமயத்தில் அதைப் பற்றிப் போட்ட வீடியோவை மக்கள் தேடிப் பார்த்தார்கள். அது மசேநி தலைப்பின் பலம் இல்லை, அந்த மாதத்தின் பலம். அதே போல பிடிஓ வீடுகளை ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று பிரித்தது 2024 அக்டோபர் விற்பனையிலிருந்து. அதற்கு முன்பு எடுத்த என் பிடிஓ வீடியோக்கள் இரண்டு இப்போது பாதி பொய். அவற்றின் பழைய எண்ணை வைத்து "இது ஓடும் தலைப்பு" என்று சொல்வது சரிதான். ஆனால் அந்த வீடியோவை அப்படியே விட்டுவைப்பது சரியில்லை. புதிய விதியோடு மறுபடி எடுப்பதுதான் இந்த ஷீட் தரும் நல்ல யோசனை. தலைப்பு ஏற்கெனவே சோதிக்கப்பட்டது, காரணமும் கையில் இருக்கிறது.

ஸ்டூடியோவில் காட்டும் தொகையும் வங்கிக்கு வரும் தொகையும் ஏன் பொருந்துவதில்லை?

ஸ்டூடியோவில் இருப்பது மதிப்பீடு. மாதத்தின் இறுதிக் கணக்கு அடுத்த மாதம் 7-க்கும் 12-க்கும் இடையில்தான் ஆட்சென்ஸில் ஏறும். அப்புறம் அமெரிக்க வரி. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்து வந்த பகுதியில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். வரிப் படிவம் கொடுத்திருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும்தான், கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் கை வைப்பார்கள். ஸ்டூடியோ எண்ணில் இந்தப் பிடித்தம் தெரியாது.

தலைப்பை ஒப்பிட ஸ்டூடியோ எண்ணே போதும். நாணயத்தை மட்டும் ஒன்றாக வையுங்கள். இறக்கிய கோப்பில் தலைவரி `Estimated revenue (USD)` என்று இருக்கிறதா, `(SGD)` என்று இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள்.

வருமான வரி தாக்கலுக்கு இந்த ஷீட்டைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு தனியாக வேண்டும், பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். 90 நாள் கணக்கில் ஆண்டு என்ற ஒன்றே கிடையாது.

ஒரு நிறுவனம் வீடியோவுக்குப் பணம் தந்தால் அதை F பத்தியில் சேர்க்கலாமா?

வேண்டாம். தனிப் பத்தி போடுங்கள். சேர்த்தால் ஆயிரத்துக்கு எவ்வளவு என்ற எண் ஊதிவிடும், அந்தத் தலைப்பு தானாகச் சம்பாதித்தது போல் தெரியும்.

ஷார்ட்ஸையும் இதே ஷீட்டில் போடலாமா?

தனித் தாளில். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள், மறுபடி ஓடினாலும் எண்ணுகிறார்கள். பணம் Engaged views என்ற வேறு எண்ணை வைத்து வருகிறது. அந்தத் தேதிக்கு முந்திய ஷார்ட்ஸையும் பிந்தியதையும் பார்வையில் ஒப்பிடவே முடியாது.

சரி அக்கா, கடைசியில் நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள்?

மாதம் நான்கு வீடியோ. இரண்டு வீட்டுக் கணக்கு, ஒன்று சமையல் (பதினொரு வீடியோவுக்குப் பிறகும் நடுவாந்திரம், ஆனால் எடுக்க மூன்றே மணி நேரம்). நான்காவது இடம் காலி. அதில் புதிதாக ஒன்றை ஐந்து வீடியோ வரை சோதிக்கிறேன். இப்போது ஓடுவது, வாடகை அறைக்குக் குடிவருபவர்களுக்கான வீடியோ. மூன்று ஆகியிருக்கிறது, தொகுப்புத் தாளில் "தெரியாது" என்றே இருக்கிறது.

ஜோகூர் நின்றுவிட்டது. நடை வீடியோ வருடத்துக்கு ஒன்று, சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கேற்றும் வாரத்தில். அதில் பணம் வராது என்று தெரியும். I பத்தியில் "ஆசைக்கு" என்று எழுதி, வகையையும் "ஆசைக்கு" என்றே தனியாக வைத்திருக்கிறேன், மற்ற கணக்கோடு கலக்காமல் இருக்க.